அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தாயா?

2017 நவம்பர் 24. அமெரிக்கக் கடைகள் ஆண்டின் பெரிய தள்ளுபடி விற்பனையைத் தொடங்கும் ‘பிளாக் ஃப்ரைடே’ பிறந்த நேரம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில் ஒரு பதிவு வந்தது. அந்த நாளின் பெயர், பக்கத்தில் வரிசையாக நட்சத்திரக் குறிகள், அதன்பின் ‘வாசகமும் லிங்க்கும் வேண்டும்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு. பதிவில் இருந்தது அவ்வளவுதான். அணிக்குள் ஒருவர் மற்றவருக்கு எழுதி வைத்த குறிப்பு, விளம்பர வாசகம் வரவேண்டிய இடத்திலேயே ஊருக்கு முன்னால் வந்து நின்றது. பார்த்தவர்கள் அதை ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். போட்டி நிறுவனம் கிண்டல் செய்தது.

அந்தப் பதிவில் எழுத்துப்பிழை எதுவும் கிடையாது. இலக்கணத்திலும் குறை இல்லை. ‘நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போடு’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு புதியவர், எழுத்துப்பிழை தேடும் கண்ணோடு அதைப் பார்த்திருந்தால் குறை எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். ‘நட்சத்திரக் குறி, XX, பிறகு எழுதவும் என்பது போன்ற நிரப்பாத இடம் எங்காவது இருக்கிறதா, தேடு’ என்று ஒரு வரி அவர் கையில் இருந்திருந்தால் ஐந்து நொடியில் பிடித்திருப்பார்.

கடைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள், கோயில் நிர்வாகங்கள், அரசுத் துறைகள் என்று எல்லோருக்கும் இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துவது பெரும்பாலும் மூன்று நான்கு பேர் கொண்ட சிறிய அணி. அதில் ஒருவராவது படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார். பதிவை வெளியிடும் பட்டன் பல இடங்களில் அவர் கையில்தான் இருக்கிறது. அவரைப் பழக்குவதற்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் பல அணிகளில் அந்தப் பட்டியல் பிழையைப் பிடிப்பதில்லை. காரணம், அதிலுள்ள வரிகள் எழுதப்பட்டிருக்கும் விதம்.

எடுத்துக்காட்டாக ஒரு கண் பரிசோதனை முகாம் அறிவிப்பைப் பார்க்கலாம். மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில், ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, அரசு மேல்நிலைப் பள்ளியில் இலவச முகாம். பழைய கண்ணாடிச் சீட்டும் ஆதார் அட்டையும் கொண்டுவர வேண்டும். விவரத்துக்கு ஒரு கைபேசி எண். மருத்துவமனையிலிருந்து இந்த விவரங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படமாக வருகின்றன. கேப்ஷன் எழுதி, டிசைனரிடம் சொல்லி கார்டு செய்து வாங்கி, பதிவேற்றுவது புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வேலை.

கார்டைப் புதிதாகச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. போன மாத முகாமுக்குச் செய்த கார்டைத் திறந்து, ஊரையும் தேதியையும் மாற்றுவார்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலான பிழைகள் உள்ளே நுழையும் வாசல் இதுதான். பழைய கோப்பில் ஏழு விஷயங்கள் மாற வேண்டியிருக்கும். ஆறு மாறும், ஒன்று அப்படியே தங்கிவிடும். தங்கிப்போனது எப்போதும் பிழை போலவே தோன்றாது. அது போன மாதம் சரியாக இருந்த விவரம் அல்லவா? பத்து இலக்கமும் இருக்கும், எழுத்தும் ஒழுங்காக இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும்.

இந்த அணியின் பட்டியலில் ‘தொலைபேசி எண் சரிபார்க்கப்பட்டதா?’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் கார்டைப் பார்க்கிறார், எண் இருக்கிறது, பத்து இலக்கம் இருக்கிறது, டிக் அடிக்கிறார். அணியை நடத்தும் மூத்தவர் வந்து கேட்கிறார்:

“நம்பர் சரியா இருக்காம்மா?”

“பார்த்துட்டேன்க்கா, சரியா இருக்கு.”

“பார்த்தே. அந்த நம்பருக்கு அடிச்சுப் பார்த்தியா?”

அடித்தால் எடுப்பவர் போன மாத முகாம் நடந்த ஊரின் பொறுப்பாளர். ‘இந்த ஊர்ல முகாம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சேம்மா’ என்கிறார். அந்த எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்திருந்தாலும் இது தெரிய வந்திருக்காது. கடிதத்தோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அடித்துப் பார்த்தால் இன்னும் உறுதியாகத் தெரியும், ஏனென்றால் கடிதத்திலேயே எண் தவறாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். வயதான கண் நோயாளி ஒருவர் பேரப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரும் விஷயம் இது. அந்த ஒரு நிமிட போன் கால் வீண் வேலை ஆகாது.

ஒரு பட்டியல் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. ‘சரியா?’ என்று கேட்கும் வரி மனதின் நிலையைத்தான் கேட்கிறது. ‘ஆம்’ என்று பதில் சொல்ல எதையும் செய்ய வேண்டியதில்லை. பிழையைப் பிடிக்கும் வரி ஒரு செயலைச் சொல்லும், அந்தச் செயலுக்கு ஒரு தடமும் கேட்கும். ‘எண்ணுக்கு அடி. எடுத்தவர் யார் என்று எழுது.’ ‘காலண்டரைத் திற. தேதிக்கு நேரே உள்ள கிழமையைப் பார்த்து எழுது.’ ‘லிங்க்கை உன் கைபேசியில், அலுவலகக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத் திற. திறந்த பக்கத்தின் தலைப்பை எழுது.’ டிக் அடிக்கும் கட்டத்துக்குப் பதிலாக நான்கைந்து சொல் எழுதும் இடம் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. செய்யாதவரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

லிங்க்கைக் கணக்கிலிருந்து வெளியேறித் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவுப் படிவமோ, கூகுள் டிரைவில் வைத்த கோப்போ, அதை உருவாக்கியவரின் கணினியில் எப்போதும் திறக்கும். வெளியாள் தொட்டால் அனுமதி கேட்டு நிற்கும். அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேர் சோதித்தாலும் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது.

தமிழில் பதிவு போடும் அணிகளுக்கு இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். கேப்ஷனைச் சரிபார்த்தாயிற்று என்பதற்காகக் கார்டைச் சரிபார்க்காமல் விட முடியாது, ஏனென்றால் டிசைன் மென்பொருளுக்குள் போகும்போது தமிழ் எழுத்து உடையும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தமைப்பு ஐரோப்பிய மொழிகளுக்கான தேர்வில் இருந்தால், மெய்க்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு இடம் மாறி, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைத்திருக்கும். தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வுக்கு மாற்றினால் சரியாகிவிடும். டிசைனருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றால் அவருக்கு இது பிழையாகவே படாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வரும் கடிதங்களிலும் இதே தொல்லை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று தெரியும். இது கண்ணில் பட்டுவிடும், ஆபத்தில்லை. ஆபத்து, கண்ணுக்கே தெரியாத பிழையில். ‘கௌரி’ என்ற பெயரை ஒற்றைக் கொம்பு, க, ள என்று தட்டியிருப்பார்கள். திரையில் ஏறக்குறைய அப்படியே தெரியும். ஆனால் யாராவது ‘கௌரி’ என்று சரியாகத் தட்டித் தேடினால் அந்தப் பதிவு வராது. இதற்குச் செய்ய வேண்டியது எளிது: முக்கியமான பெயரைச் சரியான விசைகளால் தட்டி, அதே பதிவுக்குள் தேடிப் பார்க்க வேண்டும். அகப்படவில்லை என்றால் உள்ளே ஒரு ‘ள’ ஒளிந்திருக்கிறது.

ஆகவே வரி இப்படி இருக்கும்: ‘இறுதிக் கார்டை கைபேசியில் திற. தலைப்பிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படி.’ வாய்விட்டுப் படிக்கச் சொல்வது ஏன்? எழுதியவரின் கண், எழுத நினைத்ததையே திரையில் பார்க்கும். தவறிப்போன எழுத்தை மனமே நிரப்பிக்கொள்ளும். வாய் அப்படித் தாண்டிப் போகாது, ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும். கைபேசியில் பார்க்கச் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். வேலை செய்த திரை மாறினாலே கண் கொஞ்சம் அந்நியமாகிவிடும். தவிர, வாசகர்கள் பார்க்கப்போவதும் அதில்தான்.

வாய்விட்டுப் படித்தாலும் அகப்படாத பிழைகள் உண்டு. ஒருவர் மறைந்தால் போடும் பதிவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பது ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வந்துவிடுகிறது. காதுக்கு இரண்டும் பலருக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். இரண்டுமே தமிழில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. இத்தகைய பத்துப் பதினைந்து சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பதே நல்லது. அவை எல்லாம் பட்டியலுக்குள் ஏறினால் பட்டியல் நீண்டுவிடும்.

நீளத்தைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் ஆகவேண்டும். சரிபார்ப்புப் பட்டியல் ஒரு தொழில் கருவியாகப் புகழ்பெற்றது விமானத் துறையில். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் மேலெழும்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். வால்பகுதிக் கட்டுப்பாடுகள் தரையில் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன்பின் விமானிகள் நீண்ட பாடப்புத்தகம் எதையும் எழுதவில்லை. புறப்படும் முன், இறங்கும் முன் என்று ஒரு அட்டையில் அடங்கும் சிறு பட்டியல்களை உருவாக்கினார்கள். விமானம் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த அட்டையால் பயன் இல்லை. தெரிந்தவர் மறக்கக்கூடியது மட்டுமே அதில் இருந்தது.

அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே இந்தப் பட்டியல்களைப் பற்றி 2009இல் ஒரு புத்தகம் எழுதினார். போயிங்கில் பட்டியல் தயாரிக்கும் நிபுணரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதாகச் சொல்வதில் இரண்டு செய்திகள் பதிவு போடும் அணிக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, ஒரு நிறுத்தத்தில் ஐந்து முதல் ஒன்பது வரிகளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. மற்றது, பட்டியலைப் பயன்படுத்தும் முறை. வரியைப் படித்து, செய்து, அடுத்த வரிக்குப் போவது ஒரு வகை. வேலையைத் தன் பழக்கப்படி செய்து முடித்துவிட்டு, ஓரிடத்தில் நின்று பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது இன்னொரு வகை. முதல் சில வாரங்கள் புதியவர் முதல் வகையில்தான் போகவேண்டும். கை பழகியபின் இரண்டாவதுக்கு மாறலாம். எழுதும் வேலையை வரிவரியாகக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தால் எழுத்து செத்துப்போகும்.

எங்கே நிற்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கேப்ஷன் முடிந்து டிசைனருக்குப் போகும் முன் ஒருமுறை: அங்கே கடிதத்தோடு ஒப்பிடும் வரிகள். கார்டு திரும்பி வந்ததும் ஒருமுறை: அங்கே வாய்விட்டுப் படிப்பது, எண்ணுக்கு அடிப்பது, லிங்க்கைத் திறப்பது. வெளியான உடனே மூன்றாவது முறை. கடைசி நிறுத்தத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டு, தேதி இருந்த மூலையே காணாமல் போயிருப்பது பதிவேறிய பிறகுதான் தெரியும்.

பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கொடுத்ததோடு பயிற்சி முடிந்துவிடாது. பழக்குவதில் மூன்று படிகள் நல்ல பலன் தருகின்றன. முதலில் மூத்தவர் சரிபார்ப்பதைப் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். மூத்தவர் என்ன செய்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறார்: ‘கடிதத்துல மேல்நிலைப் பள்ளினு மட்டும்தான் போட்டிருக்கு. அந்த ஊர்ல ஆண்கள் பள்ளி ஒண்ணு, பெண்கள் பள்ளி ஒண்ணுனு ரெண்டு இருக்கு. எதுன்னு கேட்டு எழுதணும்.’ இப்படிப்பட்ட சந்தேகம் ஒருவருக்கு ஏன் வருகிறது என்பதைப் பட்டியல் சொல்லித்தராது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இரண்டாவது படியில், ஒரே பதிவை இருவரும் தனித்தனியாகச் சரிபார்க்கிறார்கள். மூத்தவர் புதியவரின் தாளைப் பார்க்காமலேயே தன் தாளை நிரப்ப வேண்டும். முதல் ஆள் போட்ட டிக்கைப் பார்த்துவிட்டால் இரண்டாவது ஆளின் கண் தளர்ந்துவிடும், ‘அவங்க பார்த்திருக்காங்களே’ என்று தோன்றிவிடும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, மூத்தவர் கண்டு இளையவர் விட்டது எது என்று பேசுவதில்தான் பாடம் இருக்கிறது. விட்டது எந்த வகை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். புதியவர்கள் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழைகளை நன்றாகப் பிடிப்பார்கள். பள்ளிக்கூடம் பன்னிரண்டு ஆண்டுகள் அதைத்தானே பழக்கியிருக்கிறது. அவர்கள் விடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள முரண்பாடு: கேப்ஷனில் 9 மணி, கார்டில் 9.30. அல்லது தேதி ஒன்று, கிழமை வேறு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பிழையில்லை. பக்கத்தில் வைத்தால்தான் பிழை.

இதற்காகவே பயிற்சிக்கென்று பிழை விதைத்த பதிவுகளைத் தயாரிக்கலாம். பழைய முகாம் கார்டு ஒன்றை எடுத்து ஆறு பிழைகளை வேண்டுமென்றே நுழைப்பது: எழுத்துப்பிழை ஒன்று, உடைந்த எழுத்து ஒன்று, கிழமை முரண், பழைய எண், நுழைய அனுமதி கேட்கும் லிங்க், மில்லியனைக் கோடியாக மாற்றிய எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னது ஆங்கிலக் குறிப்பிலிருந்து எழுதும்போது அடிக்கடி நடப்பது. பத்து லட்சம்தான் ஒரு மில்லியன், நூறு கோடிதான் ஒரு பில்லியன். எத்தனை பிழைகள் இருக்கின்றன என்பதைப் புதியவரிடம் சொல்லக்கூடாது. எண்ணிக்கை தெரிந்தால் ஆறாவது கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார். இன்னொரு எச்சரிக்கை: இந்தப் பயிற்சிப் பதிவுகளை ஷெட்யூல் செய்யும் மென்பொருளுக்குள் ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. தனிக் கோப்புறையில், கார்டின் குறுக்கே ‘பயிற்சி’ என்று பெரிதாக எழுதியே வைக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் பதிவு போல அதுவும் ஊருக்குள் போய்விடலாம்.

மூன்றாவது படி, பட்டனைக் கையில் கொடுப்பது. சேர்ந்து இத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது சரியல்ல. இருவரின் தாள்களும் தொடர்ந்து பல பதிவுகளுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், பண்டிகை வாழ்த்து, நிகழ்ச்சிப் படங்கள் போன்றவற்றை முதலில் விடலாம். விலை, தேதி, எண், மருத்துவக் குறிப்பு, இரங்கல் இருக்கும் பதிவுகளில் இரண்டாவது கண் எப்போதும் இருக்கட்டும். இதில் மூத்தவர் இளையவர் என்ற பேதமே வேண்டாம். மூத்தவர் எழுதிய இரங்கல் பதிவையும் இளையவர் சரிபார்க்கலாம், அவருக்கு நிறுத்தும் உரிமையும் வேண்டும். ‘அக்கா, ஒரு நிமிஷம், இதைப் போடாதீங்க’ என்று அந்தப் பெண்ணால் சொல்ல முடியாவிட்டால், அவர் கையிலுள்ள பட்டியல் வெறும் தாள்தான்.

அது வெறும் தாளாகிவிடும் அபாயம் உண்மையானது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென 19 வரிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, சிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் ஆய்வு வெளிவந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைப் போன்ற பட்டியல்கள் கட்டாயமாக்கப்பட்டன. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஏன் என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. பட்டியலைக் கொடுத்த அளவுக்கு அதைப் பயன்படுத்தப் பழக்கவில்லை என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

பதிவு போடும் அணியிலும் பொய் டிக்கை அடையாளம் காணலாம். ஒரு நாளின் எட்டுப் பதிவுகளுக்கும் சரிபார்ப்பு மாலை ஆறு மணிக்கு மொத்தமாக நிரப்பப்பட்டிருக்கும். எடுத்தவர் யார் என்ற இடத்தில் ‘ஓகே’ என்று இருக்கும். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம், பல வாரங்களாகப் பட்டியல் ஒரு பிழையையும் பிடிக்காமல் இருப்பது. அணி அத்தனை சுத்தமாக வேலை செய்கிறது என்று மகிழ்வதற்கு முன், பிழை விதைத்த பதிவு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

பிடிபட்ட பிழைகளையும் தப்பிப்போன பிழைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் அணிகளுக்குப் பட்டியல் தானாகக் கூர்மையாகும். என்ன பிழை, எங்கிருந்து வந்தது, எந்த வரி பிடித்திருக்க வேண்டும் என்ற மூன்று குறிப்புகள் போதும். யார் செய்தது என்ற கட்டம் வேண்டாம். அது இருந்தால் நோட்டே காலியாகிவிடும். மாதம் ஒருமுறை நோட்டைப் பார்த்து, ஒரு வரி சேர்த்தால் ஒரு வரியை எடுக்க வேண்டும். பிழையை ஏற்பாட்டிலேயே தடுக்க முடிந்தால் அந்த வரியும் தேவையில்லை. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில், ஊழியர் ஒருவர் தன் நண்பர்களோடு பீர் குடிப்பதைப் பற்றிய சொந்தப் பதிவு வெளியாகிவிட்டது. சொந்தக் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒரே மென்பொருளில் இருந்ததால் வந்த தடுமாற்றம். ‘எந்தக் கணக்கு என்று பார்’ என்று ஒரு வரி எழுதலாம். அலுவலகக் கைபேசியில் சொந்தக் கணக்கையே வைக்காமல் இருந்தால் அந்த வரி எழுதும் அவசியமே இல்லை.

முகாம் கார்டையும் அப்படித்தான் சரிசெய்யலாம். பழைய கார்டைத் திறந்து மாற்றுவதற்குப் பதிலாக, ஊர், தேதி, எண் எல்லாம் காலியாக உள்ள ஒரு மாதிரிக் கோப்பை டிசைனர் செய்துகொடுத்தால், பழைய எண் தங்கிப்போகவே முடியாது. நிரப்ப மறந்தால் இடம் வெறுமையாகத் தெரியும். ‘நிரப்பாத இடம் தேடு’ என்ற வரி அதைப் பிடித்துவிடும்.

பட்டியலுக்கு எட்டாத இடமும் இருக்கிறது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டிஜியோர்னோ பீட்சா நிறுவனம், அப்போது ட்விட்டரில் பரவிக்கொண்டிருந்த `#WhyIStayed` என்ற ஹேஷ்டேகைப் பார்த்து, அதைத் தன் பீட்சாவோடு சேர்த்து வேடிக்கையாக ஒரு பதிவு போட்டது. கணவனால், காதலனால் அடிபட்ட பெண்கள், தாங்கள் ஏன் உடனே வெளியேற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. நிறுவனம் பதிவை நீக்கியது, அது எதைப் பற்றியது என்று படிக்காமலே போட்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. ‘ஹேஷ்டேகைத் திற, மேலே உள்ள பத்துப் பதிவுகளைப் படி’ என்ற ஒரு வரி இந்தப் பிழையைத் தடுத்திருக்கும். ஆனால் படித்தபின் அந்த இடத்தில் தன் சரக்கை விற்கலாமா என்று முடிவு செய்வது பட்டியலின் வேலையல்ல. அதற்குப் புதியவர் யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவர் கைபேசி எண்ணோடு.

முன்கூட்டியே ஷெட்யூல் செய்த பதிவுகளுக்கும் இதே நிலைதான். 2012 ஜூலை 20 அன்று கொலராடோவின் அரோரா நகரில், திரையரங்கு ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அன்று காலை அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பத்திரிகைக் கணக்கிலிருந்து, சுடுபவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, வார இறுதிக்கு என்ன திட்டம் என்று கேட்கும் பதிவு வந்தது. நடந்ததை அறியாதவர் ஒருவர் போட்டுவிட்டார் என்று சங்கம் விளக்கியது. எழுதப்பட்ட வேளையில் குற்றமில்லாத ஒரு வாக்கியம், வெளியான வேளையில் புண்படுத்துவதாக மாறிவிடும். அதனால் காலையில் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாகச் செய்தி பார்ப்பதும், அன்றைக்கு வரிசையில் நிற்கும் பதிவுகளைச் செய்தியோடு சேர்த்து ஒருமுறை படிப்பதும் புதியவரின் அன்றாடப் பழக்கமாக வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளிலேயே காட்டிவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒருநாள் பிழை வெளியே போகும். அப்போது அணிக்குப் பதற்றம் வரும். பதற்றத்தில் எழுதும் திருத்தமே அடுத்த பிழையாகிவிடுகிறது. 2017 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறை, கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸின் கூற்றை வெளியிட்டபோது அவர் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டது. மன்னிப்புக் கேட்டு வெளியிட்ட பதிவில், மன்னிப்பு என்ற சொல்லையே தவறாக எழுதியது. திருத்தப் பதிவுக்கும் அதே பட்டியல் உண்டு என்பதைப் புதியவருக்குப் பிழை நேர்வதற்கு முன்பே, ஒரு ஒத்திகையாகவே சொல்லிக்கொடுப்பது நல்லது. முகாம் தேதி தவறாகப் போய்விட்டது என்றால், முதலில் பதிவைத் திருத்தி, திருத்திய நேரத்தை அதிலேயே குறிப்பிட வேண்டும். அடுத்து மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கார்டைப் பதிவிறக்கி வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியவர்களை நோக்கி, பழைய கார்டின் மேல் ‘தேதி மாறியுள்ளது’ என்று குறுக்கே அடித்த புதிய கார்டு போக வேண்டும். பக்கத்தில் பதிவைத் திருத்தினாலும், ஊர்க் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய படம் திருந்தாது. அந்தப் புதிய கார்டையும் கைபேசியில் திறந்து, தலைப்பிலிருந்து வாய்விட்டுப் படித்து, அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை அடித்த பிறகே அனுப்ப வேண்டும்.